ஒரு ரிப்போர்ட், மூன்று செய்திகள்: 4B நான்காம் கட்டமான கதை

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணியளவில் ஓர் அம்மாவின் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமின் ரிப்போர்ட் மகளின் கைக்கு வந்தது. இரவு எட்டு மணிக்குள் அந்தச் செய்தி குடும்பத்தில் மூன்று பேருக்குப் போய்விட்டது. தங்கைக்கு எழுத்தாக, அண்ணனுக்குக் குரல்பதிவாக, சித்திக்கு நேரடி அழைப்பாக. மறுநாள் காலையில் விசாரித்தால், மூவரிடமும் மூன்று வெவ்வேறு நோய்கள் இருந்தன. தங்கையைப் பொறுத்தவரை அம்மாவுக்கு நான்காம் கட்டப் புற்றுநோய். அண்ணனைப் பொறுத்தவரை டாக்டர் கைவிரித்துவிட்டார், வீட்டில் அதை மறைக்கிறார்கள். சித்தியைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மூன்றுமே தவறு.

நான் மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்பங்களோடு பேசுகிற ஆலோசகர். இந்தக் குடும்பம் வெள்ளிக்கிழமை என் அறைக்கு வந்தபோது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. நோயைப் பற்றிய சண்டை அல்ல அது. செய்தி வந்த விதத்தைப் பற்றிய சண்டை. பிறகு அவர்கள் தங்கள் போன்களையே என்னிடம் காட்டினார்கள். நேரம், நீளம், படித்ததற்கான நீல அடையாளம் எல்லாம் அதில் பதிவாகியிருந்ததால், வழக்கமாக நினைவை மட்டும் நம்பிச் செய்யும் ஆய்வை இந்த முறை நிமிடக் கணக்கில் செய்ய முடிந்தது. அவர்கள் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். செய்தி அனுப்பியவர் இரண்டாவது மகள். அவருக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. சித்தி என்பவர் அம்மாவின் தங்கை.

முதலில், உண்மையில் சொல்ல வேண்டியிருந்தது என்ன என்பதைப் பார்த்துவிடலாம். மேமோகிராம் படத்தைப் படிக்கும் மருத்துவர்கள் தங்கள் சந்தேகத்தின் அளவை ‘பை-ராட்ஸ்’ என்ற வரிசையில் 0 முதல் 6 வரை எண்ணிட்டுக் குறிப்பார்கள். 4 என்றால் சந்தேகத்துக்குரியது, திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். அதற்குள்ளும் 4A, 4B, 4C என்று மூன்று படிகள் உண்டு. 4B என்பது நடுப்படி. அப்படி ஒரு ரிப்போர்ட் பெறும் நூறு பேரில் பத்திலிருந்து ஐம்பது பேர் வரைக்கும்தான் புற்றுநோய் உறுதியாகும் என்று கணக்கிடுகிறார்கள். அதாவது குறைந்தது பாதிப் பேருக்காவது புற்றுநோய் இருக்காது. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் ‘கட்டம்’ முற்றிலும் வேறு அளவுகோல். நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சே எழும்.

டாக்டர் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: “இது புற்றுநோய் என்று இந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஊசி வழியாகத் திசு எடுப்போம். முடிவு வர ஒரு வாரம் ஆகலாம்.” அம்மா அப்போது வெளியே உட்கார்ந்திருந்தார். அவரிடம் மகள், “ஒரு சின்ன டெஸ்ட் இருக்கிறதாம்” என்று மட்டும் சொன்னார்.

ஆக, கடத்த வேண்டியிருந்த செய்தி ‘கெட்டது’ அல்ல, ‘தெரியாது’. கெட்ட செய்தியைவிடக் கடத்தக் கடினமானது அது. கெட்ட செய்திக்கு ஓர் உருவம் இருக்கிறது. ‘தெரியாது’ என்பதற்கு உருவம் இல்லை. கேட்பவர் தன் பயத்தின் அளவுக்கு அதை வெட்டித் தைத்துக்கொள்வார்.

மாலை 6:02, தங்கைக்கு

மகள் எழுதியது: “அம்மா ரிப்போர்ட் வந்தது. 4B என்று போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை பயாப்சி. பயப்பட ஒன்றும் இல்லை. நாளைக்குப் பேசுகிறேன்.”

ஐந்து வாக்கியங்கள். எழுதியவர் மனத்தில் இது நிதானமான, ஆறுதலான செய்தி. தனக்குள் எந்தக் குரலில் சொல்லிக்கொண்டே தட்டினாரோ அந்தக் குரலில்தான் தங்கையும் கேட்பாள் என்று அவர் நம்பினார். தங்கை கேட்ட குரல் வேறு. ‘4’ என்ற எண்ணைப் பார்த்ததும், நோய்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே நான்கு நினைவுக்கு வந்தது: நான்காம் கட்டம். அந்த ஊகத்தோடு படித்தால் அடுத்த வரிகள் எல்லாம் அதற்குச் சாட்சி சொல்கின்றன. நான்காம் கட்டம் என்று சொல்லிவிட்டு, ‘பயப்பட ஒன்றும் இல்லை’ என்று ஒருவர் எழுதினால் அது பொய்யான ஆறுதல். ‘நாளைக்குப் பேசுகிறேன்’ என்றால் இன்றைக்குப் பேசும் நிலையில் அக்கா இல்லை.

எழுத்தில் தொனி போய்ச் சேருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சேரவில்லை என்பது எழுதியவருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். 2005-இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகப் பிடித்துக் காட்டியது. சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை உண்மையாகவும் சொல்ல வேண்டும். ஒரு பகுதியினர் மின்னஞ்சலில், மற்றவர்கள் குரலில். இரு தரப்பாருமே தங்கள் தொனி ஏறத்தாழ 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று எதிர்பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். அந்த ஆய்வு கேலியைப் பற்றியது, நோய்ச் செய்தியைப் பற்றியது அல்ல. ஆனாலும் தன் காதில் ஒலிக்கும் ராகம் மற்றவர் காதிலும் ஒலிக்கிறது என்ற மயக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

தங்கை என்ன செய்தார்? 6:04-க்குப் படித்துவிட்டார். பதில் எழுதத் தொடங்கி இரண்டு முறை அழித்தார். பிறகு இணையத்தில் தேடினார். தேடல் பெட்டியில் அவர் போட்டது ரிப்போர்ட்டில் இருந்த சொற்களை அல்ல, தன் ஊகத்தை: ‘மார்பகப் புற்றுநோய் நான்காம் கட்டம்’. கேட்டதற்குத் தகுந்த பதில்கள் வந்து குவிந்தன. இரவு பதினொரு மணிக்கு அக்காவுக்கு எழுதினார்: “சரி.”

இந்தப் பக்கத்தில் அக்கா ஐந்து மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீல அடையாளம் விழுந்ததைப் பார்த்தார். ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று வந்து வந்து மறைந்ததைப் பார்த்தார். கடைசியில் ஒரு ‘சரி’. “அம்மாவுக்கு இப்படி என்று சொன்னால், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு” என்று என்னிடம் சொல்லும்போதுதான் அவர் முதன்முதலாக அழுதார். எழுத்து இங்கே இரண்டு பக்கமும் வெட்டியது. பெற்றவர் செய்தியைத் தவறாகப் படித்தார். அனுப்பியவர் மௌனத்தைத் தவறாகப் படித்தார். ஒரு அழைப்பில் அதே ஐந்து மணி நேர மௌனம் தேம்பலாகக் கேட்டிருக்கும்.

மாலை 6:41, அண்ணனுக்கு

இதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். குரல்பதிவைப் பலரும் அழைப்புக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு நல்ல சமரசம் என்று நினைக்கிறார்கள். குரல் இருப்பதால் அன்பு போய்ச் சேரும். நேரம் கிடைக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்பதால் தொந்தரவும் இல்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கு இது உண்மை. நோய்ச் செய்திக்கு, அழைப்பின் சூடும் கடிதத்தின் செவிட்டுத்தன்மையும் ஒரே பொட்டலத்தில் போய்ச் சேர்கின்றன.

பதிவின் நீளம் நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அதற்கு முன்பு மூன்று முறை பதிந்து அழித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் குரல் தெளியும் என்று எதிர்பார்த்தார், நடந்தது தலைகீழ். எதிரில் ஆள் இல்லாமல் ஒரே சோகத்தை நான்கு தடவை சொன்னால், நான்காவது தடவை சோகம் ஊறிப்போயிருக்கும். போனது முதலில் பதிந்தது அல்ல, மிக மோசமான நான்காவது.

அண்ணன் வேறொரு நேர மண்டலத்தில் வேலையில் இருந்தார். அவருக்கு முதலில் தெரிந்தது குரல் அல்ல, அந்த 4:12 என்ற எண். அரை நிமிடத்துக்கு மேல் என்றைக்கும் பதிந்து அனுப்பாத மூத்த தங்கை நான்கு நிமிடம் பேசியிருக்கிறாள் என்றால் நல்லதற்காக இருக்காது. உறையே செய்தியைச் சொல்லிவிட்டது. ஆனால் எந்தச் செய்தி என்று சொல்லவில்லை.

வழக்கப்படி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். “அண்ணா, நீ பதறாதே...” என்றுதான் அது தொடங்குகிறது. பதறாதே என்று தொடங்கும் எந்தச் செய்தியையும் பதறாமல் கேட்டவர் கிடையாது. பிறகு டாக்டர் வரத் தாமதமானது, அம்மா வெளியே உட்கார்ந்திருந்தது என்று நடந்த வரிசையிலேயே கதை நகர்கிறது. பேசுகிறவர் விஷயத்துக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் அது; கேட்கிறவருக்கோ தூக்குமேடைப் படிகள். ஒரு நிமிடம் கேட்டதும் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போகும் முன், ‘என்ன விஷயம் என்று மட்டும் தெரிந்தால் போதும்’ என்று பதிவின் கோட்டில் விரலை வைத்துக் கடைசிப் பகுதிக்கு இழுத்தார். விரல் போய் விழுந்தது மூன்று நிமிடம் ஐந்து விநாடியில். அங்கே மகள் அழுதுகொண்டிருந்தார்.

அதோடு நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவரிடம் இருந்த முழுச் செய்தியும் இதுதான்: பதறாதே, அம்மா வெளியே உட்கார்ந்திருந்தார், அழுகை.

இரவு மீதியைக் கேட்டார். பயாப்சி என்ற சொல் 2:50-இல் வருகிறது. ‘புற்றுநோய் என்று ரிப்போர்ட் சொல்லவில்லை’ என்ற முக்கியமான வாக்கியம் 3:31-இல், தேம்பலுக்கு நடுவில் வருகிறது. சொல் ஒன்று சொல்கிறது, குரல் வேறொன்று சொல்கிறது. இப்படி இரண்டும் முரண்படும்போது கேட்பவர் பெரும்பாலும் குரலைத்தான் நம்புவார். “டாக்டருக்கே தெரியாது என்றால் அவள் ஏன் அப்படி அழ வேண்டும்?” என்று அவர் கேட்டதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. மகள் அழுதது களைப்பில், தனியாக அந்த அறையில் உட்கார்ந்திருந்த வேதனையில். அந்தக் காரணம் பதிவில் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவர் திருப்பிக் கூப்பிட்டபோது அங்கே நள்ளிரவு தாண்டி, போன் அணைந்திருந்தது. அன்றிரவே அவர் விமான டிக்கெட் போட்டுவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத்தைக் கண்ணால் மேய்ந்து, தேவையான வரியில் நிற்கலாம், மறுபடி படிக்கலாம். குரலை மேய முடியாது. இழுத்தால் எங்கே விழுவோம் என்று தெரியாது. அதனால் குரல்பதிவில் வரிசை மிக முக்கியம். முடிவு முதல் பத்து விநாடிக்குள் வரவில்லை என்றால், கேட்பவர் அதைத் தேடிப் போவார். தேடும்போது கிடைப்பது பெரும்பாலும் முடிவாக இருக்காது.

மாலை 7:15, சித்திக்கு

சித்திக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது என்பதால் மட்டுமே அழைத்தார். பேச்சு பதினொரு நிமிடம். பதிவு இல்லை, இருவரும் தனித்தனியே சொன்னதை ஒட்டவைத்து எழுதுகிறேன்.

அரை நிமிடத்துக்குள் சித்தி கேட்டுவிட்டார்: “கேன்சரா?”

“தெரியவில்லை சித்தி.”

“தெரியவில்லை என்றால்? என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாயா, இல்லை டாக்டருக்கே தெரியவில்லையா?”

“டாக்டருக்கே தெரியவில்லை. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம்.”

“அப்படிச் சொல். அதற்குள் ஏன் அழுகிறாய்?”

அந்த இரண்டாவது கேள்வியைத்தான் தங்கையும் அண்ணனும் கேட்டிருக்க வேண்டும். கேட்க முடியாத வடிவங்களில் அவர்களுக்குச் செய்தி போயிருந்தது. ‘தெரியவில்லை’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, அதில் எது என்று உறுதிசெய்ய ஒரு விநாடி போதும். மனிதப் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி மிகச் சிறியது. 2009-இல் வெளியான ஆய்வொன்று பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இந்த இடைவெளியை அளந்தது; சராசரி ஒரு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதனால்தான் ஒரு சின்னத் தயக்கம்கூட அழைப்பில் கேட்கிறது, ‘என்ன, ஏன் பேசாமல் இருக்கிறாய்?’ என்று உடனே கேட்க முடிகிறது. எழுத்தில் ஐந்து மணி நேரத் தயக்கத்துக்கும் பொருள் தெரிவதில்லை.

இன்னொன்றும் நடந்தது. சித்தி கேள்வி கேட்கக் கேட்க மகளின் குரல் நிதானமானது. தனியாகப் பதிந்தபோது ஒவ்வொரு முறையும் உடைந்த அதே குரல், எதிரில் ஆள் வந்ததும் நிமிர்ந்துவிட்டது.

அழைப்புதான் சிறந்தது என்று இங்கே முடித்துவிட்டால் வசதியாக இருக்கும். ஆனால் சித்தி அப்போது பஸ்ஸில் இருந்தார். ‘பேச முடியுமா, எங்கே இருக்கிறீர்கள்?’ என்று யாரும் கேட்கவில்லை. அழவும் முடியாமல், பாதி காதில் விழாமல், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காதபடி குரலை அடக்கிக்கொண்டு அவர் பேசினார். ‘கேன்சர்’ என்ற சொல் வந்த பிறகு மற்ற விவரங்கள் அவர் மனத்தில் நிற்கவில்லை. அதிர்ச்சிக்குப் பின் சொல்லப்படுபவை நழுவிப்போவது என் அறையில் நான் அன்றாடம் பார்ப்பது. அழைப்புக்குப் பிறகு கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. புதன்கிழமை காலையில் மகளைக் கூப்பிட்டு, “ஆபரேஷன் எத்தனை மணிக்கு? நான் முன்னாலேயே வந்துவிடுகிறேன்” என்றார். ஊசி, சதை, வெள்ளிக்கிழமை என்ற மூன்றும் சேர்ந்து ஓர் இரவில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆனால் அவருடைய தவறு ஒரு கேள்வியில் திருந்திவிட்டது. காரணம், அவர் மறுபடி கூப்பிட்டார். கூப்பிட்டுச் சொன்னால் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

யாருக்காகத் தேர்ந்தெடுத்த வடிவம்?

ஏன் தங்கைக்கு எழுத்து, அண்ணனுக்குக் குரல்பதிவு என்று மகளிடம் கேட்டேன். “தங்கையைக் கூப்பிட்டால் அழுவாள், என்னால் தாங்க முடியாது. அண்ணனுக்கு எழுதினால் கல்லைப் போட்டது போல் இருக்கும். கூப்பிட்டால் கேள்வி கேட்பார், என்னிடம் பதில் இல்லை.”

சித்தியின் கண்ணாடியைத் தவிர மற்ற காரணங்கள் எல்லாம் சொல்பவரைப் பாதுகாக்கும் காரணங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் தயங்கி வாயை மூடிக்கொள்வதை 1970-இலேயே ரோசன், டெசர் என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். குரல்பதிவு அந்தத் தயக்கத்துக்குக் கிடைத்த புதுக் கருவி என்பது என் எண்ணம்: சொல்லியும் ஆயிற்று, கேள்வியிலிருந்து தப்பித்தும் ஆயிற்று. பதில் தெரியாததால் கேள்வியைத் தவிர்த்தார் என்பதுதான் இதில் வேடிக்கை. ‘தெரியாது’ என்பதே அன்றைய சரியான பதில். அதைக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னால்தான் அது நம்பும்படி இருக்கும்.

வியாழக்கிழமை

பெரிய சேதம் இரண்டு நாள் கழித்து நடந்தது. அண்ணன், தங்கைக்கு இருபது விநாடியில் ஒரு பதிவு அனுப்பினார்: “நான் அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன். அக்கா எனக்கு அனுப்பியதையும் கீழே அனுப்பியிருக்கிறேன், கேள்.” அதன் கீழே அந்த நான்கு நிமிடப் பதிவு. தங்கை அப்போது அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வருகிற செய்தி அம்மாவுக்கு மகிழ்ச்சி தரும் என்று, ஒலிபெருக்கியில் போட்டார். அவர்கள் பயன்படுத்தும் செயலியில் அடுத்தடுத்து இருக்கும் குரல்பதிவுகள் தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ‘கீழே அனுப்பியிருக்கிறேன்’ என்ற சொற்களைத் தங்கை உள்வாங்கும் முன் இரண்டாவது தொடங்கிவிட்டது. அவர் பதறிப்போய்ப் போனைத் தட்டினார். அம்மா, “இரு, முழுதும் கேட்கிறேன்” என்றார். கடைசி வரி: “அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை அண்ணா.”

அம்மாவுக்கு நோயைவிட அந்த வரிதான் வலித்தது. யாருடைய உடலோ, அவர் நான்காவதாகவும் தற்செயலாகவும் கேட்டார்.

அன்றிரவு மகள் அந்தப் பதிவை ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று போட்டு அழித்தார். அழிந்தது அண்ணனுக்கு அனுப்பிய மூலம் மட்டும். தங்கையிடம் போன நகல் அப்படியே இருந்தது. அண்ணனின் திரையிலோ ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு கல்லறை வரி. அதைப் பார்த்து அவர் எதை மறைக்கிறார்கள் என்று மறுபடி தொடங்கினார். குரல்பதிவு பேச்சைப் போல வாயிலிருந்து வருகிறது, ஆவணத்தைப் போலத் தங்கிவிடுகிறது. அழுகையோடு எழுதிய கடிதத்தைக்கூட யாராவது எடுத்துப் படித்துக் காட்டத்தான் வேண்டும். இது தானே பேசும்.

இரண்டாவது சுற்று

வெள்ளிக்கிழமை திசு எடுத்து முடித்ததும் அவர்களோடு உட்கார்ந்தேன். அண்ணன் போனில் இருந்தார். நான் கேட்டது ஒரே கேள்வி: முடிவு வந்தால் உங்களுக்கு எப்படித் தெரிய வேண்டும்? புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000-இல் வகுக்கப்பட்ட ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையில் இது ஒரு படி: எவ்வளவு, எப்படித் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே முன்கூட்டிக் கேட்பது. மருத்துவர்களிடமிருந்து குடும்பங்கள் கடன் வாங்க வேண்டிய படி ஒன்று உண்டென்றால் அது இதுதான். செய்தி வருவதற்கு முன்பு கேட்டால் இது சாதாரணக் கேள்வி. வந்த பிறகு கேட்டால் அதுவே செய்தி.

பதில்கள் என் கணிப்பைப் பாதி கவிழ்த்தன. அம்மா: “டாக்டர் எனக்குச் சொல்லட்டும், மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று நான் சொல்கிறேன்.” தங்கை: “கூப்பிடுங்கள், ஆனால் நான் தனியாக இல்லாத நேரத்தில்.” சித்தி: “வீட்டில் இருக்கும்போது கூப்பிடு, பிறகு எழுதியும் அனுப்பு. கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறேன்.” அண்ணன் அழைப்பைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் எழுத்தைக் கேட்டார். “கூப்பிட்டால் முதலில் நான் அவளைத் தேற்ற வேண்டும். எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும். எழுதுங்கள். ‘பேச வேண்டும்’ என்று மட்டும் எழுதி என்னைத் தொங்கவிடாதீர்கள். முடிவையே எழுதுங்கள், நானே கூப்பிடுகிறேன்.”

அழைப்பில் செய்தியைப் பெறுபவர் அதே கணத்தில் எதிர்வினையும் காட்டியாக வேண்டும் என்பதைப் பல வருடம் இந்த வேலையில் இருந்தும் நான் போதுமான அளவு யோசித்ததில்லை. எழுத்து கொடுக்கும் ஒரே பெரிய பரிசு, முகத்தைச் சரிசெய்துகொள்ளும் அவகாசம். சிலருக்கு அதுதான் வேண்டும்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய்தான். டாக்டர் அம்மாவிடம் நேரில் சொன்னார், மகள் பக்கத்தில் இருந்தார். அண்ணனுக்கு எழுத வேண்டியதை அம்மாவும் மகளும் சேர்ந்தே அமைத்தார்கள். முதல் வடிவில் மறுபடியும் ‘பயப்பட ஒன்றும் இல்லை’ இருந்தது. அம்மாவே அதை எடுக்கச் சொன்னார். போனது இது:

“அண்ணா, அம்மாவின் பயாப்சி முடிவைப் பற்றி எழுதுகிறேன், தனியாக இருக்கும்போது படி.

புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கிறது. கட்டி சிறியது. எந்தக் கட்டம் என்று இன்னும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதற்கான ஸ்கேன் திங்கட்கிழமை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அவர்தான் உனக்கு எழுதச் சொன்னார். நான் இப்போது அம்மாவோடு இருக்கிறேன், எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன்.”

முதல் பத்தியைத் தனியாகப் பிரித்தது பூட்டிய திரையை நினைத்து. அறிவிப்பில் தொடக்கம் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பட்டாலும் பாதகமில்லாத வரி அங்கே இருக்க வேண்டும். ‘டாக்டருக்கும் தெரியாது’ என்பது சித்தி பஸ்ஸிலிருந்து கேட்ட கேள்விக்கான பதில், இந்த முறை கேட்காமலே. கடைசி வரி, செவ்வாய்க்கிழமையின் ‘நாளைக்குப் பேசுகிறேன்’ இருந்த இடத்தில் வந்தது.

அண்ணன் ஒன்பது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். கூப்பிட்டதும் கேட்டது, “அம்மாவிடம் கொடு.”

தங்கைக்கான அழைப்பு அவ்வளவு சீராக அமையவில்லை. தங்கையின் கணவர் வீட்டுக்கு வரும் நேரத்துக்காக மகள் காத்திருந்தார்; அதற்குள் அண்ணன் தங்கையைக் கூப்பிட்டுவிட்டார், அவளுக்கும் தெரியும் என்ற நினைப்பில். ஆளுக்கொரு வடிவம் என்று முடிவுசெய்தோமே தவிர, யாருக்கு முதலில், யார் யாரிடம் எப்போது பேசலாம் என்று முடிவுசெய்யவில்லை. அந்த ஓட்டை என்னுடையது.

குரல்பதிவுகளும் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தன. அண்ணன் வேலைக்குத் திரும்பிய பிறகு தினமும் காலையில் அம்மாவுக்கு அரை நிமிடம் பேசி அனுப்புகிறார். அதில் செய்தி எதுவும் இருக்காது, பதில் கேட்கும் கேள்வியும் இருக்காது. சிகிச்சை நடக்கும் நாள்களில் அம்மா அதை இரண்டு மூன்று முறை போட்டுக் கேட்கிறார். ஒரு முறைக்கு ஒன்று மட்டும் அனுப்ப வேண்டும், கீழே வேறெதையும் சேர்க்கக் கூடாது என்பது அம்மா போட்ட நிபந்தனை.